லாஞ்சர் வாசலிலேயே சுற்றவிடும் கடிகாரம்

விளையாடலாம் என்று லாஞ்சரைத் திறக்கிறோம். மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் கேட்கிறது, கொடுக்கிறோம். சக்கரம் ஒன்று சுற்றுகிறது. உள்ளே போகப்போகிறோம் என்று தோன்றும் நேரத்தில் திரை ஒருமுறை மின்னி, மறுபடி அதே பக்கம் வந்து நிற்கிறது. பாஸ்வேர்டு தப்பு என்று அது சொல்லவில்லை. சரி என்று உள்ளேயும் விடவில்லை. இன்னொரு தடவை கொடுத்தாலும் அதே சக்கரம், அதே மின்னல், அதே பக்கம்.

லாஞ்சர் என்பது கேமைத் திறந்துவிடும் வாசல்காரன் மாதிரியான மென்பொருள். Steam, Epic Games, Minecraft என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்று உண்டு. நாம் யார், எந்த கேமை வாங்கியிருக்கிறோம் என்று நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அது கேமைத் தொடங்கவிடும். அந்தக் கேள்வி பதில் எங்கோ அறுந்துபோனால் இப்படி வாசலிலேயே சுற்ற வேண்டியிருக்கிறது.

இந்த நிலைமையில் எல்லாரும் முதலில் கைவைப்பது பாஸ்வேர்டில்தான். மாற்றிப் பார்ப்பார்கள். பிறகு லாஞ்சரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். பல ஜிபி கேமையே அழித்துவிட்டு ராத்திரி முழுக்க டவுன்லோடு போடுகிறவர்களும் உண்டு. அப்போதும் வாசல் திறக்காது. காரணங்கள் பல இருக்கலாம் என்றாலும், யாரும் சந்தேகப்படாத ஒன்று திரையின் வலது கீழ் மூலையில் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருக்கிறது. அது கணினியின் கடிகாரம். அது சரியான மணியைக் காட்டிக்கொண்டே தப்பாக இருக்க முடியும் என்பதுதான் இந்தக் கோளாறை இத்தனை பேரால் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்குக் காரணம்.

பாஸ்வேர்டில் கோளாறு இல்லை என்பதற்கு ஒரு அடையாளம் சொல்லிவிடுகிறேன். லாகின் செய்ய முயன்ற அதே நிமிடத்தில் உங்கள் மின்னஞ்சலுக்கு "புதிய சாதனத்திலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறார்கள்" என்ற எச்சரிக்கை வந்திருக்கிறதா, அல்லது கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்த நேரத்துக்கு வெற்றிகரமான லாகின் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சர்வர் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது. அனுமதியைக் கையில் கொடுத்தும் அனுப்பிவிட்டது. அதை வாங்கிக்கொண்ட லாஞ்சர்தான் செல்லாது என்று தூக்கிப்போடுகிறது. இதற்கு மேல் பாஸ்வேர்டை மாற்றுவதில் பயன் இல்லை. அடிக்கடி மாற்றினால் பாதுகாப்புக் கருதி கணக்கையே கொஞ்ச நேரம் பூட்டிவிடும் நிறுவனங்களும் இருக்கின்றன.

அந்த அனுமதியின் பெயர் டோக்கன். ஒவ்வொரு சொடுக்குக்கும் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், ஒருமுறை பாஸ்வேர்டு சரியாக இருந்ததும் சர்வர் ஒரு சீட்டை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறது. அதன்பிறகு லாஞ்சர் சர்வரிடம் எதைக் கேட்டாலும் இந்தச் சீட்டைக் காட்டித்தான் கேட்கும். ரயில் நிலையத்தில் வாங்கும் பிளாட்பார டிக்கெட்டைப்போல இதற்கும் ஆயுள் குறைவு. பிளாட்பார டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். வாங்கிய நேரம் அதிலேயே அச்சாகியிருக்கும். இப்போதுதான் வாங்கிய டிக்கெட்டை நீட்டுகிறோம். பரிசோதகரின் கைக்கடிகாரமோ மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்றால், டிக்கெட்டில் குறை எதுவும் இல்லாமலே நாம் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். லாஞ்சர் வாசலில் நடப்பது இதேதான்.

டோக்கனைக் களவாடுகிறவர்கள் அதை நீண்ட நாள் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஆயுளைக் குறைவாக வைக்கிறார்கள். ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. Minecraft-க்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழையும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பல டோக்கன்கள் கைமாறுகின்றன: மைக்ரோசாஃப்ட் தருவது ஒன்று, அதைக் காட்டி எக்ஸ்பாக்ஸ் லைவிடம் வாங்குவது ஒன்று, கடைசியாக Minecraft சேவை தருவது ஒன்று. அந்தக் கடைசி டோக்கனின் ஆயுள் 86400 நொடி, அதாவது 24 மணி நேரம். ஆயுள் முடிந்ததும் பாஸ்வேர்டு கேட்காமலே புது டோக்கன் வாங்கிக்கொள்வதற்காக ரெஃப்ரெஷ் டோக்கன் என்று இன்னொன்றையும் சர்வர் சேர்த்துக் கொடுத்துவிடும்.

பல டோக்கன்கள் 2015-இல் தரப்படுத்தப்பட்ட ஒரு வடிவத்தில் வருகின்றன. அதற்குள் எட்டிப் பார்த்தால் நேரம் இப்படி எழுதியிருக்கும்:

```
{
  "iat": 1736871000,
  "exp": 1736874600
}
```

`iat` என்பது சீட்டு எழுதிய நேரம். `exp` காலாவதியாகும் நேரம். இரண்டுமே 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து ஓடிய நொடிகளின் எண்ணிக்கை. எந்த ஊர் நள்ளிரவு என்பதுதான் இங்கே முக்கியம். சென்னையுடையதும் அல்ல, அமெரிக்காவுடையதும் அல்ல. யுடிசி என்று உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொண்ட நேரத்தின் நள்ளிரவு அது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. மேலே உள்ள முதல் எண், 2025 பொங்கலன்று, ஜனவரி 14 இரவு நம்மூரில் 9.40 மணி, யுடிசி கணக்கில் அப்போது மாலை 4.10. இரண்டாவது எண் அதற்குச் சரியாக 3600 நொடி தள்ளி, நம் நேரப்படி 10.40.

ஆக, டோக்கனில் ஊர் நேரம் கிடையாது. அது செல்லுமா என்று பார்க்க லாஞ்சர் நம் கணினியைக் கேட்பதும் "யுடிசியில் இப்போது என்ன?" என்றுதான். கணினி அந்தப் பதிலை எப்படித் தருகிறது என்பதில்தான் இந்தக் கோளாறின் வேர் இருக்கிறது.

விண்டோஸ் மூலையில் காட்டும் மணி, யுடிசியோடு டைம் ஜோனின் வித்தியாசத்தைக் கூட்டிக் கிடைப்பது. நாமாக மணியைத் திருத்தும்போது இதே கணக்கு தலைகீழாக நடக்கிறது: நாம் கொடுத்த மணியிலிருந்து டைம் ஜோனின் வித்தியாசத்தைக் கழித்து, யுடிசி இதுதான் போலிருக்கிறது என்று விண்டோஸ் முடிவுசெய்துகொள்கிறது. டைம் ஜோன் தப்பாக இருந்து, மணியைக் கையால் சரிசெய்திருந்தால், கண்ணுக்குத் தெரியும் மணி சரி. உள்ளே இருக்கும் யுடிசி தப்பு.

நம் ஊர்களில் இது எப்படி நேர்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டாக, சர்வீஸ் கடை ஒன்றில் நடக்கக்கூடிய பேச்சை எடுத்துக்கொள்வோம். பையன் லேப்டாப்பை மேஜைமேல் வைக்கிறான்.

"அண்ணே, லாகின் பண்ணப் பண்ண வெளியே தள்ளுது. பாஸ்வேர்டு மூணு தடவை மாத்திட்டேன்."

"மணி சரியாத்தானே காட்டுது. இந்த லேப்டாப் எங்க வாங்கினது தம்பி?"

"மாமா துபாய்ல இருந்து கொண்டுவந்து கொடுத்தாருண்ணே. வந்தப்போ மணி பின்னாடி இருந்துச்சு, நான்தான் மாத்தி வெச்சேன்."

அந்தக் கடைசி வரியில் எல்லாம் இருக்கிறது. துபாயில் வாங்கிய லேப்டாப்பின் டைம் ஜோன் விண்டோஸ் பட்டியலில் `(UTC+04:00) Abu Dhabi, Muscat` என்ற வரியில் நிற்கிறது. இங்கே இரவு 9.40 ஆகும்போது அது 8.10 என்று காட்டும். அது பொய்யான நேரம் அல்ல. துபாயில் அந்த நிமிடம் அதுதான் மணி. பையன் டைம் ஜோனைத் தொடாமல், தானாக நேரம் அமைக்கும் வசதியை நிறுத்திவிட்டு மணியை மட்டும் 9.40 ஆக்கிவிட்டான். விண்டோஸ் அதிலிருந்து நாலு மணி நேரத்தைக் கழித்து, யுடிசி மாலை 5.40 என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் அப்போது யுடிசி 4.10. ஒன்றரை மணி நேரம், அதாவது 5400 நொடி, முன்னால் போய்விட்டது.

இப்போது மேலே பார்த்த டோக்கன் வந்து சேர்கிறது. அதன் `exp` 1736874600. கணினியின் கணக்கில் இப்போதைய நேரம் 1736876400. கழித்துப் பார்த்தால் 1800 நொடி. டோக்கன் காலாவதியாகி அரை மணி நேரம் ஆகிவிட்டது என்று லாஞ்சர் நினைக்கிறது. பிறந்து ஒரு நொடிகூட ஆகாத டோக்கன் அது. லாஞ்சர் ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டிப் புதிது கேட்கிறது. சர்வரும் புதிதாக ஒன்றைத் தருகிறது. அதுவும் வரும்போதே அரை மணி நேரம் முன்பு காலாவதியானதாகத் தெரிகிறது. சில தடவை முயன்ற பிறகு, இந்த லாகினே ஆகாது என்று எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு லாஞ்சர் பழைய பக்கத்தைக் காட்டுகிறது. திரை மின்னி மறைந்த அந்த ஒரு நொடிக்குள் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும்.

அதே லேப்டாப்பில் இன்னொரு லாஞ்சர் பிரச்சினையே இல்லாமல் திறக்கலாம். அதன் டோக்கனுக்கு எட்டு மணி நேரமோ 24 மணி நேரமோ ஆயுள் இருந்தால், ஒன்றரை மணி நேரப் பிசகு அதை எட்டாது. லாஞ்சர் எழுதப்பட்ட விதத்தாலும் வித்தியாசம் வரும். டோக்கனைக் கொடுக்கும்போதே "இது இன்னும் 3600 நொடி செல்லும்" என்று சர்வர் தனியாகச் சொல்வது வழக்கம். இரண்டு பக்கத்துக் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டாலும் வேலை நடக்கட்டும் என்பதால்தான் அது நேரமாக இல்லாமல் கால அளவாக வருகிறது. அதை நம்பி நொடிகளை எண்ணிக்கொள்ளும் லாஞ்சர் தப்பித்துக்கொள்கிறது. டோக்கனைப் பிரித்து `exp`-ஐ நம் கடிகாரத்தோடு ஒப்பிடும் லாஞ்சர் மாட்டிக்கொள்கிறது. "அந்த கேம் ஓடுது, இது மட்டும் ஓடல, அப்போ கணினில தப்பு இருக்காது" என்று பலர் வாதிடுவார்கள். நியாயமாகப் படும் வாதம்தான். ஆனால் இந்த இடத்தில் அது செல்லாது.

பிரௌசரில் எல்லாத் தளங்களும் திறக்கின்றன என்பதும் இதேபோல ஆளை ஏமாற்றும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஆயுள் பெரும்பாலும் மாதக்கணக்கில் இருக்கும். உதாரணமாக Let's Encrypt தரும் வழக்கமான சான்றிதழுக்கு 90 நாள். கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பிசகினால் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது, தளம் திறக்கும். நாள்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பிசகினால்தான் பிரௌசர் `NET::ERR_CERT_DATE_INVALID` என்று முறைத்துக்கொள்ளும். எனவே பிரௌசர் ஓடுகிறது, லாஞ்சர் மட்டும் சுற்றவிடுகிறது என்றால் பிசகு மணிக்கணக்கில் இருக்கலாம் என்று கொள்ளுங்கள். இரண்டுமே படுத்துவிட்டால் தேதியையே பாருங்கள்.

துபாய் லேப்டாப் ஒரு வகை. சிங்கப்பூரிலிருந்து வந்ததில் டைம் ஜோன் யுடிசியைவிட எட்டு மணி முன்னால் இருக்கும். மணியை மட்டும் கையால் மாற்றினால் யுடிசி இரண்டரை மணி நேரம் பின்னால் போகும். புதிதாக விண்டோஸ் போட்ட கணினிகளில் சில நேரம் அமெரிக்க மேற்குக் கரையின் `Pacific Time` அப்படியே நின்றுவிடும். அதில் நம் மணியைக் கையால் வைத்தால் குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி, கோடைநேரம் அமலில் இருக்கும் மாதங்களில் பன்னிரண்டரை மணி முன்னால் போய்விடும். ஏதோ ஒரு கேமில் காத்திருப்பு நேரத்தைத் தாண்டுவதற்காகக் கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

கடிகாரம் பின்னால் இருந்தால் கோளாறின் முகம் கொஞ்சம் மாறும். டோக்கன் எழுதிய நேரமே இன்னும் வராத நேரமாகத் தெரியும். எதிர்காலத்தில் எழுதிய சீட்டை எப்படி நம்புவது என்று கண்டிப்பான லாஞ்சர் மறுத்துவிடும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் ஊர் நேரத்தை எழுதிவைக்கும். லினக்ஸ் யுடிசியை எழுதிவைக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது, அங்கே எழுதியிருப்பதை ஊர் நேரம் என்று நம்பி விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். லினக்ஸில் `timedatectl set-local-rtc 1` என்று ஒருமுறை கொடுத்தால் இரண்டும் ஒரே வழக்கத்துக்கு வந்துவிடும்.

மேஜைக் கணினிகளில் பேட்டரி பழுதும் ஒரு காரணம். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் CR2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். பிறகு ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். இணையத்திலிருந்து விண்டோஸ் தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று நினைப்போம். வீட்டுக் கணினிகளில் அதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்: வழக்கமான அமைப்பில் 54000 நொடி, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் பிசகியிருந்தால் நேரச் சேவை கடிகாரத்தைத் தொடாது. யாரோ தப்பான நேரத்தை அனுப்பிக் கணினியை ஏமாற்றிவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை அது. கையால் சரிசெய்யச் சொல்லிக் கட்டளை கொடுத்தாலும் `The computer did not resync because the required time change was too big.` என்று பதில் வரலாம். அப்படி வந்தால் முதலில் தேதியையும் மணியையும் நாமே ஏறக்குறைய சரியாக வைத்து, அதன்பிறகு சின்க் செய்ய வேண்டும். பேட்டரியையும் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மின்வெட்டில் கதை முதலிலிருந்து தொடங்கும்.

நம் கணினியில் பிசகு உண்டா, எவ்வளவு என்று பார்ப்பது சுலபம். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இந்த இரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள்:

```
tzutil /g
w32tm /stripchart /computer:time.windows.com /samples:3 /dataonly
```

முதல் வரி இப்போது அமைந்திருக்கும் டைம் ஜோனின் பெயரைச் சொல்லும். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு `India Standard Time` என்றும், இலங்கையில் இருப்பவருக்கு `Sri Lanka Standard Time` என்றும் வர வேண்டும். 2006 ஏப்ரலில் இலங்கை மறுபடி ஐந்தரை மணி வித்தியாசத்துக்கே திரும்பிவிட்டதால், இன்றைக்கு இரண்டில் எது இருந்தாலும் மணி ஒன்றுதான். துபாய் லேப்டாப்பில் இந்த இடத்தில் `Arabian Standard Time` என்று வரும். இரண்டாவது வரி நேர சர்வருக்கும் நம் கணினிக்கும் உள்ள வித்தியாசத்தை நொடியில் காட்டும். நாம் பார்த்த லேப்டாப்பில் அது ஏறத்தாழ `-5400` என்று வரும். கழித்தல் குறி இருந்தால் நம் கடிகாரம் முன்னால் ஓடுகிறது, கூட்டல் குறி இருந்தால் பின்னால். லினக்ஸிலிருந்து மாறி வந்த கணினியில் `+19800` பக்கத்தில் ஒரு எண் வந்தால், அது அந்த ஐந்தரை மணி நேரம்தான்.

கல்லூரி விடுதி, அலுவலகம் போன்ற இடங்களில் நேரம் கேட்கும் 123-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே இரண்டாவது வரிக்குப் பிழைதான் பதிலாக வரும். அப்போது வேறு வழி உண்டு. எந்த இணைய சர்வரும் பதில் அனுப்பும்போது தன் நேரத்தையும் ஒரு வரியில் எழுதி அனுப்புவது வழக்கம். `curl -I https://example.com` என்று கொடுத்தால் வரும் பதிலில் `Date:` என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதில் உள்ள நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நேரம் வர வேண்டும். ஆனால் அதை மூலையில் தெரியும் மணியோடு மட்டும் ஒப்பிட்டால் துபாய் லேப்டாப் சரி என்றே தோன்றும். டைம் ஜோனும் சரியா என்று சேர்த்துப் பார்த்தால்தான் சோதனை முழுமையாகும்.

சரிசெய்யும்போது வரிசை தவறக் கூடாது. முதலில் டைம் ஜோன். Settings-இல் `Time & language`, அதற்குள் `Date & time` போய், `(UTC+05:30) Chennai, Kolkata, Mumbai, New Delhi` என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்ததும் மூலையில் மணி 9.40-லிருந்து 11.10-க்குத் தாவும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய் மறுபடி மணியைக் கையால் மாற்றப் போவார்கள், அல்லது பழைய டைம் ஜோனுக்கே திரும்பிவிடுவார்கள். பயப்பட வேண்டாம். இவ்வளவு நாள் உள்ளே ஒளிந்திருந்த ஒன்றரை மணி நேரம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அடுத்து `Set time automatically` என்பதை இயக்கிவிட்டு, அதே பக்கத்தில் இருக்கும் `Sync now` பொத்தானை அழுத்துங்கள். மணி 9.40-க்கு இறங்கி வரும். இப்போது வெளியே தெரியும் மணியும் சரி, உள்ளே இருக்கும் யுடிசியும் சரி. மேலே சொன்ன `w32tm` வரியை மறுபடி கொடுத்தால் நொடியின் சிறு பின்னம்தான் மிஞ்சியிருக்கும்.

கடிகாரம் சரியான உடனே லாஞ்சரும் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அது பழைய டோக்கன்களையும், அவை எப்போது காலாவதியாகும் என்று தப்பான கடிகாரத்தை வைத்துத் தான் குறித்துக்கொண்டதையும் கணினியில் சேமித்து வைத்திருக்கும். ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் அதன் சிறு படத்தின்மேல் வலது சொடுக்கு சொடுக்கி முழுமையாக வெளியேறுங்கள். பிறகு திறந்து புதிதாக லாகின் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லாகின் பக்கத்துக்காக அது சேமித்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளை நீக்க வேண்டும். Epic லாஞ்சரில் அது `%localappdata%\EpicGamesLauncher\Saved` என்ற இடத்தில் `webcache` என்று தொடங்கும் ஃபோல்டர். அதை அழிப்பதால் கேமுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த முறை திறக்கும்போது லாஞ்சரே மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

ஓடிபி ஆப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செல்போனில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணும் நேரத்தைக் கொண்டுதான் உருவாகிறது. ஆனால் அது பார்ப்பது செல்போனின் கடிகாரத்தை. கணினியின் கடிகாரத்தை அல்ல. எண் தப்பு என்று லாஞ்சர் வெளிப்படையாகச் சொன்னால் செல்போனில் நேரம் தானாக அமைகிறதா என்று பாருங்கள். எண்ணை ஏற்றுக்கொண்ட பிறகு சுற்றவிட்டால் கணினிக்கு வாருங்கள்.

சில நொடிகள் பிசகினால் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். நடக்காது. சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று டோக்கன் தரத்திலேயே எழுதியிருக்கிறது. அது வழக்கமாக ஒருசில நிமிடங்களைத் தாண்டாது. `w32tm` உங்களுக்கு அரை நொடியோ பத்து நொடியோ காட்டினால், சுற்றுவதற்குக் காரணம் கடிகாரம் அல்ல. விபிஎன், விளம்பரத் தடுப்பான், நிறுவனத்தின் சர்வரே படுத்திருப்பது என்று வேறு பக்கம் தேடுங்கள்.

லாஞ்சர் எழுதுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. நம் கடிகாரம் தப்பு என்பது அவர்களின் மென்பொருளுக்குத் தெரியக்கூடிய விஷயம். லாகினுக்குப் பதில் அனுப்பும் சர்வர் அந்த `Date:` வரியிலேயே தன் நேரத்தையும் சேர்த்து அனுப்புகிறது. அதை நம் கணினியின் நேரத்தோடு ஒருமுறை கழித்துப் பார்த்தால் 5400 என்ற எண் கையில் கிடைத்துவிடும். கடிகாரம் முன்னால் ஓடுகிறது, பின்னால் ஓடுகிறது என்று க்ரோம் பிரௌசர் நேரடியாகவே சொல்கிறது. டைம் செட்டிங்ஸுக்குப் போகப் பொத்தானும் தருகிறது. "உங்கள் கணினியின் நேரமும் டைம் ஜோனும் சரியா என்று பாருங்கள்" என்று லாஞ்சரும் ஒரு வரி காட்டியிருந்தால், பாஸ்வேர்டு மூன்று தடவை மாறியிருக்காது, பல ஜிபி டவுன்லோடு வீணாகியிருக்காது, தேடுபொறியில் கிடைத்த ஏதோ ஒரு போலி உதவி எண்ணிடம் கணக்கு விவரத்தைக் கொடுத்து ஏமாறும் வாய்ப்பும் வந்திருக்காது. ஒரே ஒரு கழித்தல் கணக்கைச் செய்யாமல் விட்டதற்கான விலையை வாசலில் நிற்கிறவர்கள் கொடுக்கிறார்கள்.

அந்த வரி வரும்வரை, நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதுகிறவர்கள் "லாகின் ஆகவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். `tzutil /g` சொன்ன பெயர், `w32tm` காட்டிய நொடி வித்தியாசம், லாகின் வெற்றி என்று மின்னஞ்சல் வந்த நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். படிக்கிறவருக்கு விஷயம் தெரிந்திருந்தால், பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள் என்ற வழக்கமான பதிலைத் தாண்டி அவர் வேலையைத் தொடங்க அது போதும்.